பெருக்கல் குறி போட்ட சுத்தியல்

மனிதர்கள் இரண்டு வகை என்று அம்பத்தூர் தொழிற்பேட்டை வகுத்து வைத்திருந்தது. ஒன்று பெர்மனென்ட், மற்றது டெம்பரவரி. சாதி, மதம், கட்சி எல்லாம் அதற்குப் பிறகுதான். பெர்மனென்ட் ஆசாமியின் சைக்கிள் கொட்டகைக்குள் நிழலில் நிற்கும். டெம்பரவரியின் சைக்கிள் வெளியே வெயிலில் காயும். சாயங்காலம் சங்கு ஊதியதும் எவன் சீட்டின்மேல் ஈரத்துணியைப் போட்டு ஆறவைத்துவிட்டு ஏறுகிறானோ, அவனிடம் போய் உத்தியோகம் எப்படி என்று விசாரிக்க வேண்டியதில்லை. பூந்தமல்லி ஜெயபால் ஆறு வருடமாக டிபன் டப்பாவோடு ஓர் ஈரத்துணியையும் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது நாற்பத்து நாலு. மரச்சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் குமாஸ்தா. அதற்கு முன்னால் பூந்தமல்லியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அட்டை, கருமாதிக் கடிதம் எதுவாக இருந்தாலும் அதில் ஒற்று மிகுந்ததா மிகவில்லையா என்று பார்த்து, மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தால் அதன் தலையில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அச்சகத்தின் வருமானமும் ஒருநாள் மிகாமல் போய், அது மூடப்பட்டது. தொழிற்சாலைக்கு வந்த பிறகும் அவருடைய தமிழ் மட்டும் சும்மா இருக்கவில்லை. 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்ற பலகை முதல் ஆயுத பூஜை அழைப்பு வரை அவர் கைப்பட்டுத்தான் வெளியே வரும். எச்சில் துப்புகிறவர்களும் பிழையில்லாத பலகையின் கீழேதான் துப்பினார்கள்.

எழுபத்திரண்டாம் வருடம் தொழிற்சாலைக்கு ஒரு புதிய யோசனை வந்தது. யோசனை மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. அலமாரியை அலமாரியாகச் செய்து அனுப்பினால் லாரியில் பாதி இடத்தைக் காற்று அடைத்துக்கொள்கிறது. ஆகவே அதைப் பலகை பலகையாக அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து அனுப்ப வேண்டியது. வாங்குகிறவனே தன் வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டியது. எப்படிப் பூட்டுவது என்பதற்குப் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். ஜெர்மனியில் எல்லோரும் அப்படித்தான் பூட்டிக்கொள்கிறார்களாம். காஞ்சிபுரம் பக்கமும் திருவள்ளூர் பக்கமும் உள்ள பஞ்சாயத்துப் படிப்பகங்களுக்குப் புத்தக அலமாரி கொடுக்கும் பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: தாள் தமிழில் இருக்க வேண்டும்.

மேனேஜர் கோதண்டம் ஜெயபாலைக் கூப்பிட்டனுப்பினார். கோதண்டம் பாடியில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் தொடங்கி மேனேஜர் நாற்காலி வரை ஏறி வந்தவர். நாற்காலி மாறியதே தவிர, வாய் இன்னும் பாடியிலேயே இருந்தது.

"ஜெயபாலு, உனுக்கு தமிளு நல்லா வரும் இல்ல?"

"வரும் சார்."

"இந்தா. ஜெர்மன்காரன் அனுப்சது. இத்த அப்டியே தமிளாக்கு. நல்லா வந்துச்சுன்னு வெய்யி, மொதலாளி கைல சொல்லி உன்னை பெர்மனென்ட் ஆக்கிட்றேன்."

"வரலைன்னா சார்?"

கோதண்டம் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். "வருச கடைசில டெம்பரவரி அல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பப் போறானுங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

அன்று மாலை ஜெயபால் ஈரத்துணி போட மறந்து சுடுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சூடு பூந்தமல்லி வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் மேஜையைத் துடைத்து, பேனாவுக்கு மை நிரப்பி, அகராதியைப் பக்கத்தில் வைத்து, சிறு ஜெபமும் செய்துவிட்டுத் தாளைப் பிரித்தார். பிரித்தவர் திருப்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். எழுத்தைக் காணோம்.

முழுக்கப் படம். பலகைகள் ஒன்றையொன்று தொடாமல் ஆகாயத்தில் மிதந்தன. நடுவே புள்ளிக்கோடுகள் ஓடின. ஒரு மூலையில் இரண்டு திருகாணிகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, பக்கத்தில் '1:1'. சில இடங்களில் பலகைகள் சேரும் மூலையைப் பெரிதாக்கிக் காட்டும் வட்டங்கள். பாதிச் சந்திரனைப் போல் வளைந்த ஓர் அம்புக்குறி. ஒரு சுத்தியல், அதன்மேல் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு திருப்புளி, அதன்மேல் ஒன்றுமில்லை. தனியாகப் பலகை தூக்கும் சோக முகத்து மனிதன், அவன்மேலும் பெருக்கல் குறி. பக்கத்தில் இருவர் சேர்ந்து சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடிப் பொறுக்கினால் மேல், பின், அளவுக்கு மீறி முறுக்காதே, கிளிக் என்று ஒரு வாய்க்கு மேல் தேறவில்லை.

மனைவி ஞானகுமாரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, பொம்மை புஸ்தகமா?"

"ஆபீஸ் வேலை. இத தமிழாக்கணும்."

"இதுலதான் இங்கிலீஷே இல்லியே?"

"இல்ல."

"அப்ப தமிழாக்கி முடிச்சாச்சுன்னு சொல்லிக் குடுத்துடுங்க. எவன் கண்டுபுடிப்பான்?"

ஜெயபால் அப்படிப்பட்டவர் இல்லை. 'கிளிக்'கிலிருந்து தொடங்கினார். பலகையின் துளைக்குள் ஒரு சின்ன உலோக வட்டு உட்கார்ந்திருக்கும். எதிர்ப் பலகையிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் ஆணியின் தலை அதற்குள் நுழைந்ததும், வட்டைத் திருப்புளியால் அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். அது ஆணியின் தலையை இழுத்துக் கவ்வும்போது வருகிற சத்தம்தான் 'கிளிக்'. தமிழில் அது எப்படிச் சத்தம் போடும்? ஞாயிறு ஆராதனை நடக்கும்போதும் அதையே யோசித்து, கடைசியில் 'சடக்' என்று முடிவு செய்தார்.

"சடக்குன்னா ஒடஞ்ச சத்தம்யா," என்றார் கோதண்டம்.

"அப்ப 'டக்' போடலாமா சார்?"

"டக்கு... டக்கு..." கோதண்டம் மேஜை இழுப்பறையை மூடிப் பார்த்து, திறந்து மூடிப் பார்த்து, ஒப்புதல் அளித்தார். "டக்கே இருக்கட்டும். அது இன்னா இன்னொரு கட்டு?"

அதில்தான் ஜெயபாலின் உழைப்பு இருந்தது. இந்தத் தாளில் சொல் பேசவில்லை, குறிதான் பேசுகிறது. ஆகவே குறியைத்தான் பெயர்க்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். புள்ளிக்கோடு என்றால் பலகை போகும் வழி. வட்டம் என்றால் அந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். பிறைபோன்ற அம்பு என்றால் அரைச் சுற்று, முழுச் சுற்று ஆகாது. '1:1' என்றால் படமும் பொருளும் ஒரே அளவு. கையிலுள்ள திருகாணியைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்து, நெட்டையா குட்டையா என்று தெரிந்துகொள்ளலாம். இப்படி இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். பெருக்கல் குறியைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. பிறந்ததிலிருந்து தப்பின்மேல் பெருக்கல் போட்டே பிழைத்தவருக்கு, அதற்கும் விளக்கம் தேவைப்படும் என்று எப்படித் தோன்றும்?

கோதண்டம் அந்த இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "படம்னா ஒலகத்துக்கே பொதுவுய்யா. ஜெர்மன்காரன் முட்டாளா? இத்தயெல்லாம் சேத்தா தாளு மூணாயிடும். வாணாம். வார்த்தய மட்டும் போடு. பலகைக்கு பேரு வெச்சியே, அ, ஆ, இ, ஈன்னு, அது சூப்பரு. அத்த பலகைமேலயே முத்திரை குத்திடலாம்."

ஜெயபால் அந்த உயிரெழுத்துப் பாராட்டோடு திரும்பினார். படங்கள் அச்சுக்கட்டை செய்கிறவரிடம் போயின. அவர் தாளின் அளவுக்கு அடங்க வேண்டுமே என்று படம் முழுவதையும் நாலில் ஒரு பங்கு சுருக்கினார். நெட்டைத் திருகாணி குட்டையின் உயரத்துக்கு வந்தது. குட்டை எந்த ஆணியின் உயரத்துக்கும் வராமல் போனது. அதன் பக்கத்தில், ஜெயபால் ஒற்றுப் பிழையில்லாமல் மொழிபெயர்த்திருந்தபடி, 'அளவு: உள்ளது உள்ளபடி' என்று அழகாக அச்சாகியிருந்தது. அச்சுத்தாளைப் பார்த்து அவர் ஓடினார். அச்சகக்காரர், "ஆயிரம் காப்பி ஓடிடுச்சு சார்," என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் அலமாரி வேப்பம்பட்டுக்குப் போனது. நாலாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் வீராசாமியிடமிருந்து கம்பெனிக்கு ஆள் வந்தான். பெட்டியில் நாலு வட்டப் பலகை வரவில்லையாம், உடனே அனுப்ப வேண்டுமாம்.

"வட்டப் பலகையா? அலமாரிக்கு எங்கய்யா வட்டப் பலகை?" என்றார் கோதண்டம்.

ஜெயபால் தாளை எடுத்து விரித்தார். படத்தில் நாலு வட்டங்கள் இருந்தன.

இருவரும் ரயிலேறினார்கள். ஆவடி தாண்டும்வரை கோதண்டம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருநின்றவூரில், "நீ பேசு. தமிளு உன்னுதுதான," என்று மட்டும் சொன்னார்.

படிப்பகம் ஓட்டுக் கட்டடம். உள்ளே அலமாரி நின்றுகொண்டிருந்தது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அதைத் தேங்காய் நாரால் சன்னல் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். உலோக வட்டுகள் ஒவ்வொன்றும் பலகைக்குள் அடித்து இறக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை உதிர்ந்து மாவாகக் கிடந்தது. பக்கப் பலகைகளின் வெளிப்புறத்தில் நெட்டைத் திருகாணிகளின் கூர்முனைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. பின்பலகை பாதி வழியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கயிற்றுக் கட்டிலில் பஞ்சாயத்துக் காவலர் அய்யாசாமி இடுப்பில் பற்றுப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

தலைவர் வீராசாமி கோபமாக இல்லை. அதுதான் ஜெயபாலைப் பயமுறுத்தியது. அவர் பெருமையாக இருந்தார்.

"வாங்க சார், வாங்க. உங்க தாள்ல போட்ட மாதிரியே ஒண்ணு விடாம செஞ்சிகீறோம். அந்த ரவுண்டு பலகை நாலும் வந்துட்டா ஜம்முனு ஆயிடும்."

ஜெயபால் மெதுவாகக் கேட்டார். "ஐயா, இந்த வட்டு... இத அடிச்சது யாரு?"

"நம்ம ஆளுங்கதான். சுத்திலதான அடிக்கணும்?"

"சுத்தி கூடாதுன்னு படத்துல இருக்கே?"

வீராசாமி தாளை எடுத்து நீவினார். அவர் முகத்தில் ஒரு குழந்தைக்கு விளக்குகிற பொறுமை வந்தது. "எங்க சார் கூடாதுன்னு கீது? இதோ சுத்தி. இதோ திருப்புளி. ரெண்டு பேரு நிக்கிறாங்க. எதும்மேல முத்திரை குத்திகீது?"

"முத்திரையா?"

"இன்னா சார், ஓட்டு போட்டதே இல்லியா நீங்க? சீட்டுல ஏணி இருக்கும், குடை இருக்கும், வண்டி இருக்கும். உனுக்கு எது ஓணுமோ அதும்மேல ஒரு குத்து. இதே மாதிரி குறுக்க ரெண்டு கோடுதான சார் விழும்? எனக்கு குடை. ஊரே குடைமேல குத்துச்சு, நான் பிரசிடென்டு. நீங்க சுத்திமேல குத்துனீங்க, சுத்தி ஜெயிச்சுது. திருப்புளிக்கு ஒரு ஓட்டுகூட விழல பாருங்க. டெபாசிட்டு காலி."

கோதண்டம் ஜன்னல் வழியாகத் தென்னை மரம் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப இந்த ஆளு..." என்றார் ஜெயபால், சோகமுகத்து மனிதனைத் தொட்டு.

"அதாங்க எங்களுக்கும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு பேர் சிரிச்சிகினு ஈஸியா தூக்கறானுங்க. ஒருத்தன் தனியா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு தூக்கறான். ஆனா குத்து அவனுக்குத்தான விழுந்துகீது? அய்யாசாமி ஒரே ஆளா தூக்கிட்டாரு."

கட்டிலிலிருந்து அய்யாசாமி தலையை மட்டும் திருப்பினார். "நான் அப்பவே கேட்டேன் தலீவரே. ஜெயிச்சவன் எதுக்கு அழுவறான்னு."

"நான் ஜெயிச்ச மறுநாள் என் மூஞ்சிய பாத்தியா நீ?" என்றார் வீராசாமி.

ஜெயபால் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். சென்ற தேர்தலில் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் மறைவுக்குப் பின்னால் நின்று, தனக்குப் பிடித்த சின்னத்தின்மேல் தானும் அந்த முத்திரையைக் குத்தியதும், மை சரியாக விழுந்ததா என்று பிழை திருத்துகிறவனின் அக்கறையோடு குனிந்து பார்த்ததும் அவருக்கு நினைவு வந்தன. அவருக்குத் தெரிந்த பெருக்கல் குறி பள்ளிக்கூடத்துப் பெருக்கல். இவர்களுக்குத் தெரிந்தது ஜனநாயகத்தின் பெருக்கல். தாளில் எது எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"அந்த வட்டப் பலகை, சார்?" என்று வீராசாமி நினைவூட்டினார்.

"அனுப்பறோம்," என்றார் கோதண்டம், தென்னை மரத்திடம்.

திரும்பும் ரயிலில்தான் அவருக்குப் பேச்சு வந்தது. "ஒரு வாரம் டைம் தரேன். அந்த பெருக்கல எடுத்துட்டு, 'செய்யாத'ன்னு பாத்த ஒடனே எவனுக்கும் புரியற மாதிரி வேற எதுனா போடு. அடுத்தது திருவேற்காடு. அதுவும் போச்சுன்னா, மொதலாளி கைல உன்னப் பத்தி நான் இன்னா சொல்றது?"

ஜெயபால் 'கூடாது' என்பதற்கு ஒரு படம் தேடிப் புறப்பட்டார். தமிழ்நாட்டில் அன்றாடம் ஆயிரம் முறை சொல்லப்படும் அந்தச் சொல்லுக்கு ஒரு படம்கூட இல்லை என்பது அவருக்கு இரண்டே நாளில் தெரிந்தது.

முதலில் விரித்த உள்ளங்கை ஒன்றைச் சுத்தியலின்மேல் வரைந்தார். போக்குவரத்துப் போலீஸ்காரர் காட்டுவதுதான். தச்சுப் பட்டறை வேம்புலியிடம் நீட்டினார். வேம்புலி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எதுக்கு ஒத்திக்கிறீங்க?"

"சாமி கை இல்ல? சுத்திய ஆசீர்வாதம் பண்ணிகீது. ஆயுத பூஜைக்கு நோட்டீஸ் அடிக்கப் போறீங்களா அண்ணாத்தே?"

அடுத்து மண்டையோடும் இரண்டு எலும்பும் போட்டார். மின்சாரக் கம்பத்தில் அதைப் பார்க்காதவன் எவன்? வேம்புலி உண்மையிலேயே பார்த்திருந்தார். "அப்ப இதுல கரண்டு கனெக்ஷன் வேற வருதா? அலமாரிக்குள்ள லைட்டு எரியுமா?"

சிவப்பு மையால் சுத்தியலின்மேல் அழுத்தி ஒரு கோடு அடித்துவிட்டுக் காட்டினார். "குங்குமம் வெச்சா மாதிரி லட்சணமா கீது," என்றார் வேம்புலி.

கடைசியில் தமிழையே கூப்பிட்டார். சுத்தியலுக்குக் கீழே 'கூடாது', தனி மனிதனுக்குக் கீழே 'கூடாது', வட்டத்துக்குப் பக்கத்தில் 'இது தனிப் பலகை அன்று', அரைச் சுற்று அம்புக்குக் கீழே 'இதற்குமேல் திருப்பக் கூடாது', திருகாணிக்குப் பக்கத்தில் 'படத்தை நம்பக் கூடாது'. எழுதி முடித்தபோது பலகைகள் எழுத்துக்கு நடுவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. வேம்புலி இந்த முறை தாளைக் கையிலேயே வாங்கவில்லை.

"கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி கீது. என்னை வாணாம், வேற யார் கைலயாச்சும் குடுங்க அண்ணாத்தே. நான் எதுலயும் கையெழுத்து போட்றதில்ல."

வீட்டில் ஞானகுமாரி தரையில் சிதறிய தாள்களைக் கூட்டிக்கொண்டே கேட்டாள். "நம்ம பக்கத்து ஊட்டுக்காரங்க தின்னக்கூடாததத் தின்னா நான் எப்படி சொல்றேன்? கைய ஆட்டி, தலைய ஆட்டி, மூஞ்ச கோணிக்கினு, 'ஐயய்யோ வேணாங்க'ன்னு சொல்றேன். அவ்ளோ ஆட்டத்தையும் நீங்க எப்படி ஒரு காயிதத்துல போடுவீங்க?"

"ஜெர்மன்காரன் போட்டிருக்கானே?"

"அவனுங்க ஊர்ல ஆட்ட மாட்டானுங்க போல."

வாரம் முடிந்தது. ஜெயபால் கைவசம் இருந்த எல்லாக் குறிகளையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு, தூக்கு மேடைக்குப் போகிறவரின் நிதானத்தோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

கோதண்டம் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒக்காரு. மொதலாளிகிட்ட பேசிட்டேன். உன்னை பெர்மனென்ட் ஆக்கியாச்சு."

ஜெயபாலுக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "சார்... குறி இன்னும் சரியா வரலையே சார்."

"குறி வாணாம்னுட்டாரு. தாளே வாணாம்னுட்டாரு. அவரு கேட்டாரு, 'அந்த தாள்ல கீறது அல்லாம் அந்த ஆளுக்கு தெரியுமா?'ன்னு. நான் சொன்னேன், 'அவுனுக்கு மட்டுந்தான் சார் தெரியும்'னு. 'அப்ப தாளுக்கு பதிலா அவனையே பொட்டியோட அனுப்பு'ன்னாரு. முடிஞ்சுது. எந்த ஊருக்கு அலமாரி போவுதோ, நீ கூடவே லாரில ஏறிப் போ. பக்கத்துல நின்னு, எது கூடாதோ அத்த கூடாதுன்னு சொல்லு. வாயால சொன்னா எவனுக்கு புரியாது?"

பைக்குள் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. திருப்புளியை அவர் வாழ்நாளில் பிடித்ததில்லை என்பதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பெர்மனென்ட் ஆனவன் முதல் வார்த்தையாக அதைச் சொல்வது நன்றாக இராது என்று விட்டுவிட்டார். ஞானகுமாரி அன்றைக்குக் கேசரி கிண்டினாள். அவர் சாப்பிட்டார். இனிப்பு போதவில்லையா என்று அவள் மூன்று தடவை கேட்டாள்.

மறுவாரம் லாரியின் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருவேற்காட்டுக்குப் போனார். வழி நெடுகப் பாடம் ஒப்பித்தார்: சுத்தி கூடாது, தனியாள் கூடாது, அரைச் சுற்று, நெட்டை மேலே, குட்டை உள்ளே. லாரி டிரைவர், "யாருக்கு மந்திரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

படிப்பகம் மாதர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. தலைவி தாயம்மா வாசலில் காத்திருந்தார். கம்பெனியிலிருந்து அதிகாரி வருகிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். வாழை மரம் கட்டியிருந்தது. ஜெயபால் இறங்கிய வேகத்தில் ஒரு மாலை விழுந்தது. சாமியானாவுக்குக் கீழே கைப்பிடி வைத்த நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கையில் ஒரு கோலி சோடாவைக் கொடுத்தார்கள்.

"அம்மா, நான் உள்ள போயி அவங்ககூட நிக்கணும்," என்றார்.

"நீங்க எதுக்கு ஐயா நிக்கணும்? ஒக்காருங்க. எங்க பசங்க கீறாங்க. நீங்க கண்ணால பாத்தா போதும்."

"இல்லம்மா, சொல்லணும்..."

"பேசலாம், பேசலாம். மைக்கு வந்துனே கீது."

அவர் எழுந்தார். தோளைத் தொட்டு மரியாதையாக உட்காரவைத்தார்கள். மறுபடி எழுந்தார். அதிகாரிக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று விசிறி கொண்டுவந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கியது. அதற்குள் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பலகைகளை வரிசையாகச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். ஜெயபால் கத்தினார், "அ பக்கத்துல ஆ வையுங்க!" பாட்டு அதைத் தின்றுவிட்டது.

அப்போது தாயம்மா தட்டோடு போனார். சங்கத்துக்கு வந்த முதல் மரச்சாமான். சும்மா எடுத்து வைக்க முடியுமா? ஒவ்வொரு பலகைக்கும் பூச வேண்டியதைப் பூசினார். முத்திரை குத்திய எழுத்து தெரிகிற இடம்தான் பலகையின் முகமாகத் தெரிந்தது போலும். அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையளவு சந்தனம், நடுவில் குங்குமம். ஆணிக்காகப் போட்ட துளைகள் வாய்க்கு வாய் சந்தனத்தால் நிரம்பின. கற்பூரம் காட்டினார்கள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பாட்டை நிறுத்தினார்கள். இளைஞர்கள் இருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெயபாலின் முன்னால் வந்து நின்றார்கள். கையில் திருப்புளி இருந்தது. அந்த மட்டில் கடவுள் பெரியவர்.

"சொல்லுங்க சார். எது மேல எது?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஜெயபால் பலகைகளைப் பார்த்தார். நெட்டையும் குட்டையுமாய்ப் பொட்டு வைத்துக்கொண்டு அவை கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகளைப் போல் நின்றன. எழுத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். எழுத்து இல்லாமல் மேல்பலகை எது, அடிப்பலகை எது என்பது, இப்போது ஆராய்ந்து பார்க்கும்போது, அவருக்கும் தெரியாது.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மாலை தடுக்கக் குனிந்து, முதல் பலகையை நெருங்கினார். சந்தனத்துக்குக் கீழே இருப்பது அகரமா ஆகாரமா என்று ஒரே ஒரு ஓரம் தெரிந்தால் போதும். சோடாவில் நனைந்த விரலைக் குங்குமத்தின் பக்கம் கொண்டு போனார்.

"ஐயய்யோ!" என்று தாயம்மா நெஞ்சில் கை வைத்தார். "வெச்ச பொட்ட அழிக்கறீங்களே ஐயா! நல்ல நாளும் அதுவுமா!"

பின்னால் பெண்கள் எல்லோரும் கையை ஆட்டினார்கள், தலையை ஆட்டினார்கள், முகத்தைக் கோணினார்கள். கூடாது என்பது பார்த்த உடனே அவருக்குப் புரிந்தது.

கம்பெனியின் நிரந்தர ஊழியர் ஜெயபால் விரலை மடக்கிக்கொண்டு, திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். இளைஞர்கள் இன்னும் காத்திருந்தார்கள்.

"உங்களுக்கு எது மேல்னு தோணுதோ," என்றார் அவர், "அத மேல வையுங்க."